ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன்: பாதிப் பிரஷர் மாத்திரைகள் ஏன் இங்கேயே வேலை செய்கின்றன?

பிரஷர் என்றால் இதயத்து விஷயம்தானே? டாக்டர் ஏன் கிட்னி டெஸ்ட் எழுதுகிறார்?

இதயம் பம்புதான். குழாய்களுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்பதைப் பம்பு முடிவு செய்வதில்லை. சிறுநீரகம்தான் முடிவு செய்கிறது. நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பை எடை போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வரும். இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்ப ரத்தத்துக்குள் இழுக்கப்பட்டு, மிச்சம்தான் சிறுநீராகிறது. இந்த இழுப்பில் மிகச் சிறிய மாற்றம் வந்தாலும் ரத்தத்தின் கொள்ளளவு மாறும், அதோடு பிரஷரும் மாறும்.

இன்னொன்று. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் என்ன என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது. தன் வாசலுக்கு எவ்வளவு அழுத்தத்தில் ரத்தம் வருகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வரத்து குறைந்ததாகத் தோன்றினால் உடம்பு முழுவதற்குமான பிரஷரை ஏற்றச் சொல்லி ஆணையிடும். கீழே சொல்லப்போவது அந்த ஆணை போகிற வழியைத்தான்.

சரி, அந்த மூன்று பெயர்களும் என்ன? யார் யாரை ஏவுகிறார்கள்?

சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டி முடிச்சுக்கும் உள்ளே வரும் ஒரு நுண்குழாய் உண்டு. அந்தக் குழாயின் சுவரில் சில தனி செல்கள் காவல் இருக்கின்றன. மூன்று சேதிகளில் எது வந்தாலும் அவை ரெனினை ரத்தத்துக்குள் விடும்: குழாயில் அழுத்தம் குறைந்தது, வடிந்து போகும் நீரில் உப்பு குறைந்தது, பதற்றத்தின்போது முடுக்கப்படும் நரம்புகள் தட்டி எழுப்பின. பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் பிரஷரைக் குறைப்பதற்கு ஒரு காரணம், இந்த மூன்றாவது சேதியை அவை மறிப்பதுதான்.

ரெனின் நேரடியாக எதையும் ஏற்றாது. அது ஒரு கத்தரி. கல்லீரல் சும்மா சுற்றவிட்டிருக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற நீளமான புரதத்தின் நுனியைப் பத்து அமினோ அமிலங்களோடு வெட்டி எடுக்கிறது. அந்தத் துண்டுதான் ஆஞ்சியோடென்சின் ஒன்று. இதற்கும் பெரிதாக வீரியம் கிடையாது. ரத்தக் குழாய்களின் உட்சுவரில், குறிப்பாக நுரையீரலில், இன்னொரு கத்தரி காத்திருக்கிறது. அதன் பெயர் ஏ.சி.இ. நொதி. அது மேலும் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கியதும் எட்டு மிச்சமாகும். அந்த எட்டுத்தான் ஆஞ்சியோடென்சின் இரண்டு. ஆட்டம் முழுவதும் இதன் கையில்தான்.

இது குழாய்களை இறுக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துக்கொள்ள வைக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை ஆல்டோஸ்டீரோன் சுரக்கவும் சொல்கிறது. ஆல்டோஸ்டீரோன் கடைசிக் காவலர். வடிகட்டிய உப்பில் கடைசி இரண்டு மூன்று சதவீதம்தான் அதன் பொறுப்பு. ஆனால் அந்த இரண்டு மூன்று சதவீதத்தில்தான் பிரஷர் ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறது. சோடியத்தை உள்ளே இழுக்கும்போது அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மூன்று இடங்களில் தேவைப்படும்.

உயிர் காக்கிற ஏற்பாடு மாதிரித்தானே இருக்கிறது? அப்புறம் ஏன் அதை மறிக்க வேண்டும்?

உயிர் காக்கிற ஏற்பாடேதான். ரத்தம் போனாலும், காலரா வந்தாலும், நாள் முழுக்க வெயிலில் வியர்த்தாலும் மயங்கி விழாமல் நிற்க வைப்பது இதுதான். உப்பே கிடைக்காத இடத்தில் மனிதன் வாழ முடிந்ததும் இதனால்தான். அமேசான் காட்டில் யானோமாமி மக்களின் உணவில் சேர்த்த உப்பு என்று ஒன்று கிடையாது. 1975-இல் வெளியான ஆய்வில் அவர்களின் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் மிக உயரத்தில் இருந்தன. பிரஷரோ வயதானவர்களுக்கும் 100/60-ஐ ஒட்டியே இருந்தது. அங்கே இந்த ஏற்பாடு முழு மூச்சாக வேலை செய்தும் பிரஷர் ஏறவில்லை, பிடித்து வைக்க உப்பு இல்லாததால்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்புக்குக் குறைவில்லை. இவ்வளவு உப்பும் இவ்வளவு பிரஷரும் இருந்தால் ரெனின் ஏறக்குறைய அணைந்துபோயிருக்க வேண்டும். பிரஷர் உள்ள பலருக்கு அது அணைவதில்லை. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றுதான் வரும். ஆனால் அவருடைய 160/100-க்கு அந்த நார்மல் அதிகம். மழை பெய்துகொண்டிருக்கும்போது மோட்டாரும் ஓடுகிற மாதிரி.

ஆஞ்சியோடென்சின் இரண்டு வருடக்கணக்கில் அடங்காமல் இருந்தால் பிரஷரோடு விடாது. இதயத் தசையைத் தடிக்க வைக்கும், குழாய்ச் சுவரை விறைக்க வைக்கும், சிறுநீரக வடிகட்டியில் தழும்பேற்றும்.

அதனால்தான் இத்தனை மாத்திரைகள் இதே இடத்தில் கை வைக்கின்றனவா?

ஆமாம், கூடவே இன்னொரு வசதியும் உண்டு. இது பல படிகள் உள்ள ஏணி. ஒவ்வொரு படியிலும் ஒரு மருந்தை நிறுத்தலாம். ரெனினையே மறிக்க அலிஸ்கிரென் இருக்கிறது, ஆனால் அதிகம் எழுதப்படுவதில்லை. ஏ.சி.இ. நொதியைக் கட்டிப்போடுபவை "ப்ரில்" என்று முடியும்: எனலாப்ரில், ராமிப்ரில், பெரின்டோப்ரில். ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் உட்காரும் பூட்டை முன்கூட்டியே அடைத்துவிடுபவை "சார்டன்" என்று முடியும்: லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மிசார்டன். கடைசிப் படியில் ஆல்டோஸ்டீரோனை மறிப்பவை ஸ்பைரனோலாக்டோன், எப்லெரினோன். உங்கள் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அம்லோடிபின் இந்த ஏணியில் இல்லை. அது குழாய்த் தசையை நேரடியாகத் தளர்த்துகிறது. நீர் பிரியும் மாத்திரையோ உப்பை வெளியே தள்ளுகிறது. உடனே சிறுநீரகம் பதறிப்போய் ரெனினை ஏற்றிவிடும்; பாதிப் பயன் அங்கேயே போய்விடும். அதோடு ஒரு சார்டனைச் சேர்த்தால் ஏறிய ரெனின் ஏமாந்து நிற்கும். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து வருவதற்குக் காரணம் விற்பனை உத்தி மட்டும் இல்லை.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்குமா என்றால், கேட்காது. வயதானவர்களிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிலும் பலருக்கு ரெனின் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அவர்களுக்கு இந்த வகையைத் தனியாகக் கொடுத்தால் இறக்கம் குறைவாக இருக்கும். அம்லோடிபினோ நீர் மாத்திரையோ முதலில் கை கொடுக்கும்.

எனலாப்ரில் ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல். டெல்மிசார்டனுக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. ஏன்?

ஏ.சி.இ. நொதிக்கு இரண்டு வேலை. ஆஞ்சியோடென்சினை நறுக்குவது ஒன்று. பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளைச் சிதைத்துத் தள்ளுவது மற்றொன்று. நொதியைக் கட்டிப்போட்டால் இரண்டும் நிற்கும். சிதையாத பிராடிகைனின் மூச்சுக்குழாயில் சேர்ந்து நமைச்சல் கொடுக்கிறது. சளி வராது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் ஏதோ வருடுகிற மாதிரி இருந்து இருமல் மட்டும் வரும். ஆரம்பித்த வாரத்திலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். மாத்திரையோடு யாரும் முடிச்சுப் போடாமல் நாலு பாட்டில் இருமல் மருந்து குடித்து, எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் போகும், சிலருக்கு இன்னும் இழுக்கும். சார்டன்கள் நொதியைத் தொடுவதில்லை, அதனால் அந்த இருமலும் இல்லை.

அதே பிராடிகைனின் அபூர்வமாக உதடு, நாக்கு, தொண்டையை வீங்க வைக்கும். அப்படி வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அதன்பின் வாழ்நாளில் ப்ரில் வகையைத் தொடவே கூடாது.

பாம்பு விஷத்திலிருந்து வந்த மாத்திரை என்கிறார்கள், உண்மையா?

பாதி உண்மை. பிரேசில் நாட்டின் ஜராராக்கா விரியன் கடித்தால் பிரஷர் மளமளவென்று சரியும். 1960-களில் அந்த நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா, அந்த விஷத்தில் பிராடிகைனினைச் சிதையவிடாமல் தடுக்கும் பொருள் இருப்பதைக் கண்டார். அதே பொருள் ஏ.சி.இ. நொதியையும் மறிக்கிறது என்று லண்டனில் ஜான் வேனின் ஆய்வகம் காட்டியது. ஆனால் விஷத்துப் புரதத்துண்டை ஊசியாகத்தான் போட முடியும். வாயில் போட்டால் செரித்துவிடும். நொதியின் பள்ளத்தில் எது பொருந்தும் என்று யோசித்து, ஸ்க்விப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒண்டெட்டியும் விழுங்கக்கூடிய ஒரு சிறு மூலக்கூறைச் செய்தார்கள். அதுதான் கேப்டோப்ரில், 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் மாத்திரையில் விஷம் இல்லை, விஷம் சொல்லிக் கொடுத்த யோசனைதான் இருக்கிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கிட்னியைக் காப்பாற்ற என்று டெல்மிசார்டன் கொடுத்தார்கள். ரெண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.0-லிருந்து 1.2 ஆகிவிட்டது! நிறுத்திவிடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். நிறுத்த வேண்டாம். ஏன் என்று புரிய, வடிகட்டி முடிச்சை ஒரு சிறு தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ஆஞ்சியோடென்சின் இரண்டு, வெளியேறும் குழாயைத்தான் அதிகம் இறுக்கும். மடையைக் குறுக்கினால் கண்மாயில் நீர் ஏறுகிற மாதிரி தொட்டிக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் வடிகட்டல் மும்முரமாக நடக்கும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். ஆனால் சல்லடைதான் கிழிந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோயில் சிறுநீரில் புரதம் ஒழுகுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சார்டன் அந்த வெளிமடையைத் திறந்துவிடுகிறது. உள்ளழுத்தம் இறங்கும், புரத ஒழுக்கு குறையும். வடிகட்டல் கொஞ்சம் மெதுவாவதால், சிறுநீரில் போக வேண்டிய கழிவான கிரியேட்டினினும் ரத்தத்தில் கொஞ்சம் ஏறும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம். எவ்வளவு ஏறலாம்? ஆரம்பித்ததிலிருந்து 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால் தொடரலாம். 1.0 என்பது 1.3 வரை போகலாம், அம்மாவின் 1.2 அதற்குள்தான் இருக்கிறது. அதைத் தாண்டினாலோ வாரா வாரம் ஏறிக்கொண்டே போனாலோ டாக்டர் வேறு காரணம் தேடுவார். சிறுநீரகத்துக்குப் போகும் இரண்டு பெரிய தமனிகளும் சுருங்கியிருப்பது அதில் ஒன்று. அப்படிப்பட்ட சிறுநீரகம் வெளிமடை இறுக்கத்தை நம்பியே பிழைத்துக்கொண்டிருக்கும். திறந்தால் வடிகட்டல் நின்றுபோகும்.

அதனால்தான் ஆரம்பித்தாலும் அளவைக் கூட்டினாலும் இரண்டு வாரத்தில், தள்ளிப்போனாலும் நாலு வாரத்துக்குள், கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்கிறோம். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், 1.2 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை, எங்கிருந்து ஏறியது என்பதில்தான் அர்த்தம்.

நல்லா இருந்த மாமா, ரெண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிட்னி ஃபெயிலியர் என்று ஐ.சி.யூ.வில். மாத்திரைதான் கெடுத்ததா?

மாத்திரை தனியாகக் கெடுத்திருக்காது. வழக்கமாக மூன்று பேர் சேர்ந்து செய்கிற காரியம் இது. பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒரே ஆளின் கதையாகச் சொல்கிறேன்.

வயது 58. டெல்மிசார்டன் 40-ம் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5-ம் சேர்ந்த மாத்திரை. கிரியேட்டினின் 1.1. ஒரு விசேஷ வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பத்துத் தடவை போகிறது. வாந்தியால் தண்ணீரும் தங்கவில்லை. "பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது" என்று யாரோ சொன்னது மனதில் இருப்பதால் அதை மட்டும் தவறாமல் விழுங்குகிறார். உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி நாலு வேளை போடுகிறார். ஞாயிறு காலையில் எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது. சனிக்கிழமை மதியத்திலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பது கேட்டால்தான் நினைவுக்கு வருகிறது. பிரஷர் 90/60, கிரியேட்டினின் 2.8, பொட்டாசியம் 5.9.

என்ன நடந்தது? தண்ணீர் போனதால் வரத்து குறைந்தது. இந்த நேரத்தில் உடம்பு இரண்டு காரியம் செய்து வடிகட்டியைக் காப்பாற்றும்: வெளிமடையை ஆஞ்சியோடென்சின் இறுக்கும், உள்மடையைப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் விரித்து வைக்கும். டெல்மிசார்டன் முதலாவதைத் தடுத்துவிட்டது. டைக்ளோஃபினாக் இரண்டாவதை நிறுத்திவிட்டது. நீர் மாத்திரை இருந்த கொஞ்சம் நீரையும் வெளியேற்றியது. வரத்து இல்லை, உள்வாசல் மூடி, வெளிவாசல் திறந்து கிடக்கிறது. தொட்டியில் எப்படி அழுத்தம் நிற்கும்? மற்ற நாட்களில் அவருக்கு நன்மை செய்த அதே வேலைதான் அந்த இரண்டு நாளில் கெடுதல் செய்தது.

மூன்றையும் நிறுத்தி, சலைன் ஏற்றினால் இப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சில நாட்களில் சிறுநீரகம் திரும்பிவிடும். இவருக்கு ஆறாம் நாள் 1.2. சாப்பாடும் தண்ணீரும் பழையபடி தங்கி, இரண்டு நாள் கழிந்ததும் சார்டன் மறுபடி தொடங்கப்பட்டது.

ஆகவே, ப்ரில், சார்டன், நீர் மாத்திரை எதைச் சாப்பிடுபவரானாலும், வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து குடிக்கும் தண்ணீர் தங்காத நாளில் என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் சரியாகும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். இதய பலவீனத்துக்காகச் சாப்பிடுபவர்கள் மட்டும் தாங்களாக முடிவு செய்யாமல் போனில் கேட்டுவிட வேண்டும். வலி மாத்திரை தேவைப்பட்டால் பாராசிட்டமால்.

இளநீர் குடிக்கலாமா? வாழைப்பழம்?

ஆல்டோஸ்டீரோன் சோடியத்தை இழுத்துப் பொட்டாசியத்தைத் தள்ளும் என்றேன் இல்லையா? அதை அடக்கினால் பொட்டாசியம் உள்ளே தங்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஓர் இளநீரும் ஒரு பழமும் ஒன்றும் செய்யாது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், சார்டனோடு ஸ்பைரனோலாக்டோனும் சாப்பிடுபவருக்கும் கணக்கு வேறு.

நான் இளநீரைவிட அதிகம் பயப்படுவது "சோடியம் குறைந்த உப்பு" பாக்கெட்டுக்கு. பிரஷருக்கு நல்லது என்று வீட்டில் வாங்கி வைக்கிறார்கள். அதில் எடுத்துவிட்ட சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சாதாரண ஆளுக்கு அது நல்ல மாற்றுத்தான். கிரியேட்டினின் ஏறியவர் சார்டன் சாப்பிட்டுக்கொண்டு மூன்று வேளையும் அதைப் போட்டால் பொட்டாசியம் சத்தமில்லாமல் ஏறும். நிஜமாகவே சத்தமில்லாமல்தான், தசைச் சோர்வுகூட இல்லாமல் நேராக இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். 5.5-ஐத் தாண்டினால் மருந்தளவைத் திருத்துவோம், 6-ஐத் தொட்டால் நிறுத்திவிட்டு உடனே ஈ.சி.ஜி. எடுப்போம்.

ஒரு எச்சரிக்கை. பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லி ரத்தம் எடுத்தாலோ, குழாயில் ரத்த அணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். கிரியேட்டினின் சரியாக இருந்து, ஈ.சி.ஜி.யும் சரியாக இருந்து பொட்டாசியம் மட்டும் 6.2 என்றால், உடனே மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

ப்ரில் ஒன்று, சார்டன் ஒன்று. ரெண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லா அடங்குமே?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். 2008-இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் ராமிப்ரில், டெல்மிசார்டன், இரண்டும் சேர்த்து என்று மூன்று குழுக்களை ஒப்பிட்டார்கள். சேர்த்தவர்களுக்குப் பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கியது, ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ கூடுதலாகக் குறையவில்லை. மயக்கமும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின. இப்போது சேர்ப்பதில்லை. இரண்டு டாக்டரிடம் பார்ப்பவர்கள் வீட்டில் இரண்டு அட்டையும் இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கல்யாணமாகிக் குழந்தைக்குத் தயாராகும் பெண் இதைச் சாப்பிடலாமா?

கூடாது. கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகம் வளரவும் சிறுநீர் பிரியவும் இந்த ஏற்பாடு வேண்டும். மறித்தால் பனிக்குட நீர் வற்றும், குழந்தையின் சிறுநீரகம் கெடும். முன்கூட்டியே சொன்னால் லேபெட்டலோல், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவற்றுக்கு மாற்றிவிடலாம். தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

மூணு மாத்திரை போட்டும் என் பிரஷர் 150-க்குக் கீழே வரவில்லை. இன்னும் என்ன பார்க்கணும்?

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, உப்பு எவ்வளவு, வலி மாத்திரை உண்டா, குறட்டை உண்டா என்று கேட்ட பிறகு, ஏணியின் கடைசிப் படியைப் பார்க்க வேண்டும். சிலருக்கு அட்ரினல் சுரப்பி யாருடைய ஆணைக்கும் காத்திராமல் தன்பாட்டுக்கு ஆல்டோஸ்டீரோனைச் சுரந்துகொண்டிருக்கும். 1955-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜெரோம் கான் இதை விவரித்தார். உப்பு நிறையப் பிடித்து வைக்கப்படுவதால் சிறுநீரகம் ரெனினை நிறுத்திவிடும். மேலே ரெனின் இல்லை, கீழே ஆல்டோஸ்டீரோன் குறையவில்லை. ரெனின் வழியை மறிக்கும் மாத்திரைக்கு அங்கே மறிக்க அதிகம் எதுவும் இல்லை.

பொட்டாசியம் குறைந்திருந்தால் சந்தேகப்படு என்று பாடத்தில் படித்தோம். ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். அதை நம்பிக் காத்திருந்தால் பலரைத் தவறவிடுவோம். காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பிறகு ஒரே ரத்த மாதிரியில் ஆல்டோஸ்டீரோனையும் ரெனினையும் பார்த்து விகிதம் போட வேண்டும். ஸ்பைரனோலாக்டோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் விகிதம் குழம்பும், அதனால் பல நேரம் நாலு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சுரப்பியில் ஒரு பக்கம் மட்டும் கட்டி என்று உறுதியானால் அறுவை சிகிச்சை. இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோனைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஆண்களுக்கு அதில் மார்பு வலித்து வீங்குவதுண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் எப்லெரினோனுக்கு மாற்றிக் கொடுப்போம்.